வெளிநாட்டு ஏ.சி. டெக்னீஷியன் வேலை: பயோடேட்டாவின் முதல் ஐந்து வரி

கேள்வி: ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் மெக்கானிக்கல் டிப்ளமோவும் முடித்திருக்கிறேன். கோவையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. வளைகுடா நாடுகளில் டெக்னீஷியன் வேலைக்காக ஏஜென்சிகளுக்கு பயோடேட்டா அனுப்புகிறேன், யாரும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை. மேலே ஒரு ‘சம்மரி’ வேண்டும் என்றார்கள். ‘கடினமாக உழைக்கும் ஆர்வமும், குழுவாக இயங்கும் திறனும் கொண்ட மெக்கானிக்கல் டிப்ளமோதாரர். நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் உதவும் சவாலான பணியை எதிர்பார்க்கிறேன்’ என்று எழுதினேன். என் பயோடேட்டாவையும் சான்றிதழ் நகல்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதில் என்ன குறை? டிப்ளமோவை முதலில் போடுவதா, ஐ.டி.ஐ.யையா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்:

தம்பி, இந்த வரிகளில் ஏ.சி. என்ற சொல்லே இல்லை. அதுதான் முதல் குறை. இதே இரண்டு வரியை ஒரு கணக்காளரும் போடலாம், ஒரு சமையல்காரரும் போடலாம். ஏஜென்சியில் உங்கள் பயோடேட்டாவைத் திறப்பவர் கையில் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆள்தேவைக் கடிதம் இருக்கும். அதில் ‘ஏ.சி. டெக்னீஷியன், சில்லர் டெக்னீஷியன், டக்ட் ஃபேப்ரிகேட்டர், ஹெல்பர்’ என்று பிரிவு பிரிவாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் வேண்டும், எத்தனை வருட அனுபவம் வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். வந்து குவியும் பயோடேட்டாக்களை அந்தப் பிரிவுகளுக்குள் போடுவதுதான் அவர் வேலை. ‘மெக்கானிக்கல் டிப்ளமோ’ என்பதை எந்தப் பிரிவில் போடுவது என்று அவருக்குத் தெரியாது. ஓரமாக வைத்துவிடுவார்.

அந்தக் கட்டத்தைத் தாண்டினால், அடுத்து படிப்பவர் வெளிநாட்டுக் கம்பெனியின் இன்ஜினீயர் அல்லது அவர் சார்பில் டிரேடு டெஸ்ட் எடுப்பவர். வளைகுடாவில் கட்டடப் பராமரிப்பு வேலையை மேற்பார்த்துவிட்டு வந்து, இப்போது சென்னையில் அந்த டெஸ்டை எடுப்பவன் நான். சம்மரியை எதற்குப் படிக்கிறேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும். இந்த ஆளிடம் எதைச் செய்து காட்டச் சொல்வது என்று முடிவு செய்யத்தான். ஆகவே அந்த ஐந்து வரியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒன்று ஒரு காகிதம் இருக்க வேண்டும், இல்லை உங்கள் கை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத சொல்லை எடுத்துவிடுங்கள். ‘ஆர்வம்’, ‘குழுத்திறன்’, ‘சவால்’ எல்லாம் அப்படியே போய்விடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. டெக்னீஷியன் வேலைக்கு ஐ.டி.ஐ. முதலில் வர வேண்டும், டிப்ளமோ அதற்குப் பின்னால். இரண்டு வருடம் கஷ்டப்பட்டு வாங்கிய டிப்ளமோவைப் பின்னால் தள்ளுவது மனசுக்கு ஒப்பாது, புரிகிறது. ஆனால் ஆள் எடுப்பவர் கோணம் வேறு. மெக்கானிக்கல் டிப்ளமோ பொதுப்படிப்பு. அதில் ஏ.சி. ஒரு பாடம்தான். ஐ.டி.ஐ.யில் நீங்கள் படித்த குளிர்சாதன, ஏ.சி. மெக்கானிக் டிரேடு இரண்டு வருடமும் அதையே கையால் செய்து படித்தது. அதற்கு மத்திய அரசு தரும் தேசியத் தொழிற்சான்றிதழ், நாம் என்.டி.சி. என்று சொல்வது, நேரடியாக அந்த வேலையின் பெயரிலேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. டிப்ளமோ முதலில் நின்றால், ‘இவர் சூப்பர்வைசர் வேலை கேட்பார், ஏணியில் ஏறச் சொன்னால் முகம் சுளிப்பார்’ என்ற சந்தேகம் எழுகிறது. நியாயமில்லாத சந்தேகம்தான், ஆனால் இருக்கிறது. டிப்ளமோவை மறைக்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் சீனியர் டெக்னீஷியனாகவோ ஃபோர்மேனாகவோ போகும்போது அதுதான் கைகொடுக்கும். சான்றிதழ் வரியில் ஐ.டி.ஐ.க்குப் பின்னால் நிற்கட்டும்.

சம்மரியின் முதல் வரி ஆகவே இப்படித் தொடங்க வேண்டும்: வேலையின் பெயர், அனுபவ வருடம், எந்த வகை வேலை. வேலையின் பெயரை ஆள்தேவை விளம்பரத்தில் எப்படிப் போட்டிருக்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். அவர்கள் ‘ஹெச்.வி.ஏ.சி. டெக்னீஷியன்’ என்று கேட்டால் அதையே எழுதுங்கள், ‘ஏ.சி. மெக்கானிக்’ என்று மாற்ற வேண்டாம். இது பொய்யில்லை, ஒரே வேலைக்கு அவர்கள் ஊரில் இருக்கும் பெயர்.

அடுத்து இயந்திரங்கள். இங்கேதான் உங்கள் பயோடேட்டா உங்களுக்கே துரோகம் செய்கிறது. முதல் பக்கத்தில் ‘எல்லா வகை ஏ.சி.யும் சர்வீஸ் செய்வேன்’ என்று ஒரு வரி. இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், உண்மையான சரக்கு கிடக்கிறது: ஒன்று முதல் மூன்று டன் வரை ஸ்பிளிட், ஷோரூம்களில் கேசட், ஒரு ஜவுளிக்கடையில் டக்டபிள், ஒரு ஆஸ்பத்திரியில், ஒரே வெளி யூனிட்டிலிருந்து பல அறைகளுக்குக் குளிரூட்டும் வி.ஆர்.எஃப். பொருத்தும்போது உதவியாள், அப்புறம் நூற்பாலை ஒன்றில் காற்றுக்கு ஈரப்பதம் ஏற்றும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பராமரிப்பு. ‘எல்லா வகை’ என்று எழுதுபவர் எந்த வகையும் சரியாகத் தெரியாதவராகத்தான் பெரும்பாலும் இருக்கிறார். இயந்திரத்தின் பெயரையும் கொள்ளளவையும் எழுதியவரைத்தான் நம்பத் தோன்றும்.

இதில் அந்த நூற்பாலை வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடம் இருப்பதிலேயே விலை மதிப்புள்ளது அதுதான், நீங்களோ அதை ‘இதர பணிகள்’ என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். வளைகுடாவில் பெரிய கட்டடங்கள் பலவற்றில் வீட்டு ஏ.சி. போல அறைக்கு ஒரு கம்ப்ரசர் கிடையாது. சில்லரில் குளிரவைத்த தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு மாடிக்கும் வருகிறது. அறைகளில் ஃபேன் காயில் யூனிட், பெரிய கூடங்களுக்கு ஏர் ஹேண்ட்லிங் யூனிட். அங்கே எஃப்.சி.யூ., ஏ.ஹெச்.யூ. என்றுதான் சொல்வார்கள். நம் ஊர்ப் பையன்கள் ஸ்பிளிட் மட்டும் பார்த்துவிட்டு அங்கே போய்த் திணறுவது இந்த இடத்தில்தான். ஏ.ஹெச்.யூ. என்பது என்ன? ஒரு பெரிய மோட்டார், அது வி-பெல்ட் மூலம் சுற்றும் புளோயர், அதற்கு பேரிங், உள்ளே வரும் காற்றுக்கு ஃபில்டர், குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில், அடியில் டிரெய்ன் தட்டு. நூற்பாலையின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஃபேன் பேரிங்கும் வி-பெல்ட்டும் மாற்றினீர்கள், கிரீஸ் அடித்தீர்கள், ஃபில்டரில் பஞ்சு அடைத்ததைச் சுத்தம் செய்தீர்கள், தெளிப்பு பம்பின் கிளாண்ட் பேக்கிங் மாற்றினீர்கள், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் கோளாறு பார்த்தீர்கள். இதில் பெரும்பகுதி அப்படியே ஏ.ஹெச்.யூ. வேலை. புதிதாகக் கற்க வேண்டியது குளிர்ந்த தண்ணீர் வரும் பக்கம்: காயிலுக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னர், கட்டுப்பாட்டு வால்வு, அதன் ஆக்சுவேட்டர், தண்ணீரின் உள்வரும் சூடும் வெளியேறும் சூடும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது.

ஆனால் ‘ஏ.ஹெச்.யூ. அனுபவம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உண்மையில்லை, டெஸ்டில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். ‘நூற்பாலை ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டின் காற்று விநியோகப் பகுதி பராமரிப்பு: மோட்டார், வி-பெல்ட், பேரிங், ஃபில்டர், பம்ப்’ என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். படிக்கிற இன்ஜினீயருக்கு அது எதற்குச் சமம் என்று தெரியும்.

அதே கவனம் வி.ஆர்.எஃப். வேலைக்கும் வேண்டும். நீங்கள் அங்கே உதவியாள். ‘பொருத்தினேன்’ என்று எழுதினால், கமிஷனிங்கின்போது கூடுதல் கேஸ் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்பேன். திரவக் குழாயின் விட்டத்தையும் நீளத்தையும் வைத்து, தயாரிப்பாளர் தரும் அட்டவணைப்படி எடை போட வேண்டும். செய்யாதவருக்கு அது வாயில் வராது. ‘குழாய் பிரேசிங், நைட்ரஜன் அழுத்தச் சோதனை ஆகியவற்றில் உதவினேன்’ என்று எழுதினால் நான் அதை மட்டும்தான் கேட்பேன், நீங்களும் தைரியமாகப் பதில் சொல்வீர்கள். ‘தனியாகச் செய்தது’, ‘மேற்பார்வையில் செய்தது’ என்ற பிரிப்பு சம்மரியிலேயே இருப்பது நல்லது. இப்படிப் பிரித்து எழுதியவரை யாரும் குறைத்து மதிப்பதில்லை. மற்ற வரிகளையும் நம்பலாம் என்றுதான் தோன்றும்.

மூன்றாவதாகக் கைத்திறன். பத்துப் பன்னிரண்டு திறமைகளை அடுக்க வேண்டாம். மூன்று போதும், ஆனால் எந்த நிமிடமும் செய்து காட்டக்கூடிய மூன்று. உங்கள் பக்கத்தைப் பார்த்து நான் தேர்ந்தெடுப்பது இவை: செம்புக் குழாய் பிரேசிங், வேக்கூம் எடுத்து எடை போட்டு கேஸ் நிரப்புதல், மின்கோளாறு கண்டுபிடித்தல்.

ஒவ்வொன்றையும் எழுதும் விதம் முக்கியம். ‘கேஸ் ஃபில்லிங் தெரியும்’ என்று எழுதுபவர் தெருமுனையில் சிலிண்டரை மாட்டிப் பிரஷர் பார்த்து நிரப்புபவராகவும் இருக்கலாம். ‘நைட்ரஜனால் அழுத்தச் சோதனை, 500 மைக்ரானுக்குக் கீழே வேக்கூம், தராசில் எடைபோட்டு ஆர்-410ஏ, ஆர்-32 நிரப்புதல்’ என்று எழுதுபவர் வேலையின் வரிசை தெரிந்தவர். அந்த ஒரு வரி ஒரு பத்திக்குச் சமம். ஆனால் எழுதினால் தயாராக இருக்க வேண்டும். 500 என்று பார்த்ததும் நான் கேட்பது: ‘பம்பை நிறுத்தி வால்வை மூடிய பிறகு மைக்ரான் மீட்டர் ஏறுகிறது, என்ன அர்த்தம்?’ கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் வேக்கூம் எடுக்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். இதைச் சொல்லிவிட்டால் அந்த வரிக்கு முழு மதிப்பெண். மைக்ரான் மீட்டரே பார்த்ததில்லை, மேனிஃபோல்டு முள்ளை வைத்துத்தான் பார்த்தேன் என்றால், 500 என்ற எண்ணை எடுத்துவிடுங்கள், ‘வேக்கூம் பம்ப் கொண்டு வேக்கூம் எடுத்து’ என்று மட்டும் எழுதுங்கள். ஆர்-32 என்று எழுதினால் அது லேசாகத் தீப்பற்றக்கூடிய வாயு என்பதும், வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரேசிங்கும் அப்படித்தான். டெஸ்டில் இரண்டு துண்டுக் குழாயைக் கொடுத்து, ஸ்வேஜ் செய்து இணைக்கச் சொல்வோம். இணைத்த பிறகு வெளிப்பக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நாங்கள் அதிகம் பார்ப்பதில்லை. குழாயை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்ப்போம். கறுப்பாகச் செதில் படிந்திருந்தால், பிரேசிங் செய்யும்போது உள்ளே நைட்ரஜன் விடவில்லை என்று தெரிந்துவிடும். அந்தச் செதில் பின்னாளில் உதிர்ந்து எக்ஸ்பான்ஷன் வால்வையும் ஸ்ட்ரெய்னரையும் அடைக்கும். வி.ஆர்.எஃப். போன்ற நீண்ட குழாய் அமைப்பில் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். ஆகவே சம்மரியில் ‘நைட்ரஜன் ஓட்டத்துடன் பிரேசிங்’ என்று மூன்று சொல் சேர்ந்தால், தெரிந்தவர் கண் அங்கே நிற்கும். உங்கள் கம்பெனியில் நைட்ரஜன் சிலிண்டர் வைத்துத்தான் வேலை செய்தீர்களா என்று உங்களுக்குத்தான் தெரியும். இல்லையென்றால் வெறும் ‘பிரேசிங்’ போதும். அடுத்த வேலையிலாவது கேட்டு வாங்கிப் பழகுங்கள்.

மின்சாரப் பக்கத்தில் ‘எலக்ட்ரிக்கல் அறிவு உண்டு’ என்பதை விட்டுவிட்டு, கருவியையும் செய்ததையும் எழுதுங்கள்: ‘மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், மெகர் கொண்டு கம்ப்ரசர், கெபாசிட்டர், கான்டாக்டர் கோளாறு கண்டறிதல்’. இதற்கு நாங்கள் வழக்கமாக வைக்கும் சோதனை, பெயர் எழுதாத ஒரு சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரசரின் மூன்று முனைகள். காமன், ரன், ஸ்டார்ட் எது எது என்று மீட்டர் வைத்துச் சொல்ல வேண்டும். எந்த இரண்டு முனைக்கு இடையே ஓம் அதிகமோ, அந்த இரண்டும் ரன், ஸ்டார்ட். மிச்சமிருப்பது காமன். காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது ரன். உங்களுக்கு இது தூக்கத்திலும் வரும் என்று நினைக்கிறேன். வராவிட்டால் அந்த வரியை எழுதுவதற்கு முன் ஒரு பழைய கம்ப்ரசரை வைத்துப் பழகிவிடுங்கள்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் ஒன்பது இருக்கிறது. அதில் சம்மரிக்குள் வர வேண்டியது மூன்றுதான்: என்.டி.சி., நீங்கள் அப்ரென்டிஸ் முடித்து அகில இந்தியத் தேர்வெழுதி வாங்கிய என்.ஏ.சி., பிறகு டிப்ளமோ. இந்த என்.ஏ.சி.யை நீங்கள் கடைசிப் பக்கத்தில் பொழுதுபோக்குக்கு மேலே போட்டிருப்பதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் முறையாகப் பயிற்சி பெற்று, அதன் முடிவில் அரசுத் தேர்வில் தேறியதற்கான சான்று அது. படித்ததற்கும் வேலை செய்ததற்கும் நடுவில் இருக்கிற பாலம் அதுதான். கம்பெனிகள் கொடுத்த ஒருநாள் செமினார் சான்றிதழ்கள், கல்லூரியில் பேப்பர் பிரசென்டேஷன், தட்டச்சு எல்லாம் பின்பக்கத்தில் இருக்கட்டும், அல்லது இல்லாமலே இருக்கட்டும். ஒரு விதிவிலக்கு: குளிர்பதன வாயுக்களைப் பாதுகாப்பாகக் கையாளும் சர்வீஸ் பயிற்சியை மத்திய அரசின் ஓசோன் செல் திட்டத்தில் எங்காவது முடித்திருந்தால், அது ஓரிரு நாள் பயிற்சியாக இருந்தாலும் சம்மரியில் இடம் பெறலாம். வேலையோடு நேரடியாக ஒட்டியது அது.

சான்றிதழின் பெயரைச் சான்றிதழில் அச்சாகியிருக்கிறபடியே எழுத வேண்டும், முடித்த வருடத்தோடு. ‘அரசு அங்கீகாரம் பெற்ற ஏ.சி. கோர்ஸ்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. இன்னொரு விஷயம், சிறியதுபோலத் தோன்றும், ஆனால் ஆட்களை மாதக்கணக்கில் முடக்கிப் போடுவது: பெயர். நம் ஊரில் இன்ஷியல் ஒரு சான்றிதழில் முன்னால் வரும், ஒன்றில் பின்னால் வரும். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் விரிந்து முழுசாக நிற்கும். நீங்கள் அனுப்பிய நகல்களில் என்.டி.சி.யில் ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறது. பயோடேட்டாவில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். என்.டி.சி.யில் உள்ள எழுத்துப்பிழையை உங்கள் ஐ.டி.ஐ. மூலம் திருத்த இப்போதே மனுக் கொடுங்கள். வேலை கிடைத்த பிறகு, சான்றிதழ் அட்டெஸ்டேஷன் நேரத்தில் அதைத் தொடங்கினால் விசா காத்திருக்காது.

சவுதிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஏ.சி. டெக்னீஷியன் உட்படச் சில தொழில்களுக்கு அந்த நாடு தன் சொந்தத் திறன் சரிபார்ப்புத் தேர்வை இந்தியாவிலேயே நடத்துகிறது. தகாமுல் தேர்வு என்று ஏஜென்சிகளில் சொல்வார்கள். எழுத்துத் தேர்வும் செய்முறையும் உண்டு. தேறியிருந்தால் அதைச் சம்மரியின் சான்றிதழ் வரியில் முதலாவதாகப் போடுங்கள். இன்னும் எழுதவில்லை என்றால் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ‘தேர்வுக்குத் தயாராகிறேன்’ என்பது சான்றிதழ் ஆகாது. ஐரோப்பிய நாடுகளுக்கு இந்தச் சம்மரியை அப்படியே அனுப்பாதீர்கள். அங்கே குளிர்பதன வாயுவைக் கையால் தொடவே எஃப்-கேஸ் சான்றிதழ் என்று தனியாக ஒன்று வேண்டும். அது வேறு பாதை.

பணி அனுபவக் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. சம்மரியில் ‘மூன்று வருடம்’ என்று எழுதினால் கடிதத்திலும் அதே மூன்று வருடம் இருக்க வேண்டும், நீங்கள் எழுதிய இயந்திரங்களின் பெயரும் அதில் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் முதலாளியிடம், ‘நற்பண்புடையவர்’ என்ற வழக்கமான வாசகத்தோடு ‘ஸ்பிளிட், கேசட், டக்டபிள் மற்றும் ஆலை ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பராமரிப்பில் பணியாற்றினார்’ என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் தயங்காமல் கொடுப்பார்கள். ஐந்து வருடமாகக் கூட்டிக் காட்டி கடிதம் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் பி.எஃப். கணக்கு எந்த மாதத்தில் தொடங்கியது என்று கேட்டாலே அது உடைந்துவிடும். உண்மையான மூன்று வருடமும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவோம். பயோடேட்டா ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். ஆனால் முதலில் தமிழில் எழுதித் தருகிறேன், இதே வரிசையில் வரிக்கு வரி மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் புரிந்திருந்தால்தான் இன்டர்வியூவில் அதையே பேச முடியும்.

‘ஹெச்.வி.ஏ.சி. டெக்னீஷியன், சர்வீஸ் மற்றும் பராமரிப்பில் 3 வருட அனுபவம். 1 முதல் 3 டன் வரை ஸ்பிளிட், கேசட், டக்டபிள் யூனிட்களைத் தனியாகப் பொருத்திச் சர்வீஸ் செய்தவர், வி.ஆர்.எஃப். குழாய் வேலையில் மேற்பார்வையின் கீழ் பணி. நூற்பாலை ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் மோட்டார், வி-பெல்ட், பேரிங், ஃபில்டர், பம்ப் பராமரிப்பு. நைட்ரஜன் ஓட்டத்துடன் பிரேசிங், அழுத்தச் சோதனை, வேக்கூம், எடைபோட்டு ஆர்-410ஏ, ஆர்-32 நிரப்புதல்; மல்டிமீட்டர், மெகர் கொண்டு மின்கோளாறு கண்டறிதல். என்.டி.சி. மற்றும் என்.ஏ.சி. (குளிர்சாதன, ஏ.சி. மெக்கானிக்), மெக்கானிக்கல் டிப்ளமோ; ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட், 30 நாளில் சேரலாம்.’

டக்டபிள் யூனிட் மூன்று டன்னுக்கு மேல் இருந்திருந்தால், அதன் டன்னை மட்டும் தனியாகத் திருத்துங்கள். ஜவுளிக்கடையில் இருந்தது அநேகமாகப் பெரிதாகத்தான் இருக்கும், பெயர்ப்பலகையின் போட்டோ போனில் இருந்தால் பாருங்கள். சான்றிதழ்கள் வாங்கிய வருடங்களையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் நகல்களில் ஒன்றில் வருடம் மங்கலாக இருக்கிறது. ஈ.சி.என்.ஆர். என்பதை ஏன் சேர்த்தேன் என்றால், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு வெளிநாட்டு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தனியாகத் தேவையில்லை. ஏஜென்சிக்காரர் வேகமாக ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்போது அதைத்தான் முதலில் பார்க்கிறார். பாஸ்போர்ட் எண்ணை மட்டும் பயோடேட்டாவில் போடாதீர்கள். அது எத்தனை கை மாறும் என்று சொல்ல முடியாது. சம்பள எதிர்பார்ப்பு, மதம், அப்பாவின் தொழில், ‘எந்த வேலையும் செய்யத் தயார்’ இவை எதுவும் இங்கே வேண்டாம். குறிப்பாக அந்தக் கடைசி வாசகம் உங்களை நேராக ஹெல்பர் பிரிவில் கொண்டுபோய்த் தள்ளும். ஹெல்பர் விசாவில் போய் டெக்னீஷியன் வேலை பார்ப்பவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை அதே, சம்பளம்தான் வேறு.

இந்த ஐந்து வரி எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போகக் கூடாது. விளம்பரம் கட்டடப் பராமரிப்புக் கம்பெனியுடையது என்றால், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் வரியை இரண்டாவதாக மேலே கொண்டுவாருங்கள், அவர்களுக்கு ஏ.ஹெச்.யூ. பார்க்கத்தான் ஆள் வேண்டும். புதுக் கட்டடத்தில் பொருத்தும் புராஜெக்ட் வேலை என்றால் பிரேசிங், அழுத்தச் சோதனை, வி.ஆர்.எஃப். முன்னால் வரட்டும். வீட்டு சர்வீஸ் கம்பெனி என்றால் மின்கோளாறு கண்டறிதல் முன்னால் வரட்டும், அங்கே ஒரு டெக்னீஷியன் தனியாக வண்டியில் போய்ப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு வர வேண்டும். அங்கே செல்லும் டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் அதைச் சேர்ப்பது அந்த வகை வேலைக்கு மட்டும் பெரிய பலம். சில்லர் டெக்னீஷியன் பிரிவுக்கு இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் சில்லர் எதுவும் இல்லை. முதல் ஒப்பந்தத்தில் சில்லர் இருக்கும் கட்டடத்தில் வேலை கிடைத்தால், பிளான்ட் ரூமில் இருக்கும் மூத்தவரோடு சேர்ந்து பழகி, இரண்டாவது ஒப்பந்தத்துக்கு அதை எழுதலாம்.

டிரேடு டெஸ்டுக்கு அழைப்பு வந்தால் அசல் சான்றிதழ்களோடு, நூற்பாலையில் நீங்கள் வேலை செய்த ஃபேன் அறையின் போட்டோ இரண்டு மூன்று இருந்தால் போனில் வைத்திருங்கள். ஆலையில் அனுமதி கேட்டு எடுத்ததாக இருக்கட்டும். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்றால் என்ன என்று தெரியாத ஒரு வெளிநாட்டு இன்ஜினீயர் எதிரே உட்கார்ந்திருந்தால், அந்தப் படத்தைக் காட்டி ‘இது ஃபேன், இது பெல்ட், இதைத்தான் நான் மாற்றினேன்’ என்று சொல்லுங்கள். பாதி ஆங்கிலத்தில் சொன்னாலும் போதும்.